ஒன்றரைச் சுடர்

பசை காய்ந்துவிட்டது.

புல்டோசர் நகத்தால் சுரண்டிப் பார்த்தான். எச்சில் தொட்டுத் தேய்த்தான். யாருமில்லை என்ற தைரியத்தில் பல்லைக்கூட வைத்துப் பார்த்தான். பாதி நிலா வடிவத்தில் வெட்டிய கறுப்புக் காகிதம் லென்ஸின் மேல் பாதியில் பிறந்ததிலிருந்தே அங்கே குடியிருப்பதைப் போல உட்கார்ந்திருந்தது.

மதிய இடைவேளை. இயற்பியல் ஆய்வகம் காலி. மேஜைகளில் மறுநாள் செய்முறைத் தேர்வுக்கான கருவிகள் வரிசையாகத் தயாராக இருந்தன. வெளியே தாழ்வாரத்தில் சாவிக்கொத்துச் சத்தம் கேட்டது. ஆய்வக அண்ணன் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வருகிறார்!

புல்டோசர் லென்ஸைத் தாங்கியில் செருகினான். தூசு படாமல் இருக்க மேலே கிடந்த துணியைப் போர்த்தினான். பின்கதவு வழியாகப் பாய்ந்தான். போகிற வேகத்தில் ஒரு ஸ்டூலைத் தட்டிவிட்டான்.

அவனுக்கு ஏன் அந்தப் பட்டப்பெயர் என்று இனி யாரும் கேட்க மாட்டார்கள்.

இந்த வருடம் அவன் கணக்கில் ஏற்கெனவே ஒரு வெப்பமானி, ஒரு சுருள்வில் தராசு. வெப்பமானி போனபோது டீச்சர் முறைத்தார். தராசு போனபோது முறைக்கவில்லை, சிரித்தார். அதுதான் பயங்கரம். "இன்னும் ஒரே ஒரு பொருள், தம்பி. ஒண்ணே ஒண்ணு உன் கையால போகட்டும். செய்முறைத் தேர்வுக்கு நீ உள்ளயே வரக்கூடாது."

செய்முறைத் தேர்வு எழுதாவிட்டால் இயற்பியலில் தேற முடியாது. இயற்பியலில் தேறாவிட்டால் இதே வகுப்பு, இதே பெஞ்சு, இன்னொரு வருடம். தன்னைவிடச் சின்னப் பையன்கள் தன்னை "அண்ணா" என்று மரியாதையாகக் கூப்பிடும் காட்சி அவன் கண்முன்னே ஓடியது. 

இத்தனைக்கும் காரணம் தராசு. உடைந்த தராசு இல்லை. உயிரோடு இருக்கிற தராசு.

தராசு அவனுடைய சித்தி மகள். ஒரே வகுப்பு. எதைச் சொன்னாலும் நிறுத்துப் பார்த்துத்தான் சொல்வாள். அவனைவிட ஒரு மாதம் மூத்தவள். அந்த ஒரு மாதத்தை வைத்துக்கொண்டு, தன்னை "அக்கா" என்று கூப்பிட வேண்டும் என்று நடை பழகிய காலத்திலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவனும் நடை பழகிய காலத்திலிருந்து மறுத்துக்கொண்டிருக்கிறான்.

அன்று காலை டீச்சர் ஒரு கேள்வியைத் தூக்கிப் போட்டார். "குவிலென்ஸோட மேல் பாதியைக் கறுப்புக் காகிதத்தால மூடினா, திரையில மெழுகுவர்த்தியோட பிம்பம் எப்படி இருக்கும்?"

புல்டோசர் யோசிக்கவே இல்லை. யோசிப்பது அவன் வழக்கமும் இல்லை. "பாதி பிம்பம்தான் தெரியும், டீச்சர்!"

"முழுசாத் தெரியும்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "மங்கலாத் தெரியும்."

"பாதியை மூடினா எப்படி முழுசாத் தெரியும்? உன் தலையைப் பாதி வெட்டினா முழுசா யோசிப்பியா?"

"உன் தலை முழுசாத்தானே இருக்கு, நீ யோசிச்சியா?"

வகுப்பு சிரித்தது. மணி அடித்தது. டீச்சர் பதில் சொல்லவில்லை. "சண்டை போட்டுக்காம யோசிங்க. நாளைக்குத் தேர்வாளர் இதைக் கேட்டாலும் கேப்பார்," என்று புத்தகத்தை மூடிக்கொண்டு போய்விட்டார்.

"பந்தயம்," என்றாள் தராசு வாசலில். "நான் சொன்னது சரின்னா, எல்லாரும் கேக்கிற மாதிரி என்னை அக்கான்னு கூப்பிடணும்."

"நான் சொன்னது சரின்னா?"

"அது நடக்காது. அதனால அதைப் பத்திப் பேசி நேரத்தை வீணாக்க வேண்டாம்."

அத்தோடு பேச்சுவார்த்தை முறிந்தது. அவள் முகத்துக்கு நேராக நிரூபித்துக் காட்ட வேண்டும் என்ற வெறியில்தான் அவன் மதியம் ஆய்வகத்துக்குள் நுழைந்தான். சாதாரணப் பசை கண்ணாடியில் நிற்கவில்லை, வழுக்கியது. செருப்பு ஒட்டுவதற்காகப் பையில் வைத்திருந்த, தொட்டவுடன் பிடிக்கும் பசையை எடுத்தான். காகிதம் பிடித்தது. மெழுகுவர்த்தியை ஏற்றுவதற்குள் சாவிக்கொத்து குலுங்கிவிட்டது.

இனி நடக்கப் போவது அவனுக்கு வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது. நாளைக் காலை யாராவது அந்த மேஜையில் மெழுகுவர்த்தியை ஏற்றுவார்கள். திரையில் அரைச் சுடர் விழும். ஊரே பார்க்கும். விசாரணை. காகிதம். பசை. புல்டோசர்.

அரைச் சுடர் மட்டும் விழாமல் இருந்தால்? எல்லாம் ஒழுங்காகத் தெரிந்தால் லென்ஸை யார் உற்றுப் பார்க்கப் போகிறார்கள்?

விழாத அரையை நாமே வரைந்துவிட்டால் என்ன!

அற்புதமான யோசனை. ஒரே ஒரு சிக்கல். லென்ஸ் பிம்பத்தைத் தலைகீழாகக் காட்டும். அப்படியானால் எந்தப் பாதி போகும்? மேல் பாதியா, கீழ் பாதியா? மண்டையைக் குடைந்துகொண்டான். வகுப்பில் இதற்குப் பதில் தெரிந்த ஒரே ஆள், அவன் பேசாத ஆள்.

பிற்பகல் வகுப்பில் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதினான்: 'ஒரு சந்தேகம். லென்ஸோட மேல் பாதியை மூடினா, பிம்பத்தில் மேல் பாதி போகுமா, கீழ் பாதி போகுமா? சும்மா கேக்கறேன். நாம இன்னும் பேசிக்கலை. இது எழுத்து.'

அதை ஒலிபெருக்கியிடம் கொடுத்தான். ஒலிபெருக்கி இருவருக்கும் நடுப் பெஞ்சில் உட்காருபவன். அவன் காதில் விழுந்த எதுவும் அவன் வயிற்றில் தங்கியதில்லை.

சீட்டு போனது. தராசு படித்தாள், நிமிர்ந்து அவன் முதுகைப் பார்த்தாள், ஒரு முழுப் பக்கம் எழுதினாள், மடித்தாள், ஒலிபெருக்கியிடம் கொடுத்தாள்.

அங்கேதான் தபால் நின்றது. ஒலிபெருக்கி பிரித்துப் படித்தான். அட, இவ்வளவுதானா விஷயம் என்று அவனுக்கே புரிந்துவிட்டது. இயற்பியலில் ஏதோ ஒன்று தனக்குப் புரிந்த சந்தோஷத்தை அவனால் தனியாகத் தாங்க முடியவில்லை. பக்கத்துப் பையனிடம் காட்டினான். அவன் அடுத்தவனிடம். "நாளைக்குக் கேப்பாங்களாம்டா, மனப்பாடம் பண்ணிக்கோ." சீட்டு பெஞ்சு பெஞ்சாக ஊர்வலம் போனது. வகுப்பு மொத்தமும் படித்தது, யாருக்கு எழுதினாளோ அவனைத் தவிர.

பதில் வரவில்லை என்றதும் புல்டோசர் பல்லைக் கடித்தான். 'திமிர் பிடிச்சவ. சொல்ல மாட்டா. போகட்டும், எனக்கு மூளை இல்லையா?'

மூளையைப் பயன்படுத்தினான். மேல் பாதி மூடியிருக்கிறது. ஆகவே சுடரின் மேல் பாதி, அதாவது நுனி, வெட்டுப்படும். பிம்பம் தலைகீழ். ஆகவே நுனி கீழே இருக்கும். ஆகவே திரையில் கீழ்ப் பாதி காணாமல் போகும். கணக்கு கச்சிதம்! தொடக்கம் மட்டும்தான் தப்பு.

மாலையில் ஆய்வக அண்ணன் வாளியில் தண்ணீர் பிடிக்கப் போன நேரம் பார்த்து உள்ளே நழுவினான். வெள்ளைத் திரையின் நடுவில், மஞ்சள் மெழுகுக் கலர்க்குச்சியால், கீழ்நோக்கிய ஒரு அரைச் சுடரை வரைந்தான். ஓரத்தில் கொஞ்சம் ஆரஞ்சு. தள்ளி நின்று ரசித்தான். ஓவியப் போட்டிக்கே அனுப்பலாம்.

அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினான்.

மறுநாள் காலை ஆய்வக வாசலில் எல்லோரும் வரிசையாக நின்றுகொண்டிருந்தபோது ஒலிபெருக்கி தலையைச் சொறிந்துகொண்டு வந்தான். "டேய், உனக்கு ஒண்ணு தரணும். மறந்தே போச்சு." கசங்கி, மூலைகள் மழுங்கி, சந்தைக்குப் போய் வந்த கோலத்தில் இருந்தது அந்தச் சீட்டு.

புல்டோசர் பிரித்தான்.

'மக்கே! மேல் பாதியும் போகாது, கீழ் பாதியும் போகாது. சுடரோட நுனியை மட்டும் எடுத்துக்கோ. அந்த ஒரு புள்ளியிலிருந்து வெளிச்சம் ஒத்தைக் கோடாக் கிளம்பி வராது. விசிறி மாதிரி விரிஞ்சு வந்து லென்ஸ் முழுக்க விழும். மேல, கீழ, நடுவுல, ஓரத்துல, எல்லா இடத்திலும். லென்ஸ் அத்தனையையும் வளைச்சு, திரையில ஒரே இடத்துல கொண்டுபோய்ச் சேர்க்கும். அந்த இடம்தான் நுனியோட பிம்பம். சுடரோட அடிக்கும் இதே கதை, நடுவுக்கும் இதே கதை. இப்ப மேல் பாதியை மூடு. நுனியிலிருந்து மேல் பாதிக்குப் போன கதிர்கள் நின்னுபோகும். கீழ் பாதி வழியாப் போனவை எப்பவும் போல அதே இடத்துக்குப் போய்ச் சேரும். ஒவ்வொரு புள்ளிக்கும் அப்படித்தான். ஒரு புள்ளியும் விட்டுப்போகாது. ஒவ்வொண்ணுக்கும் வர்ற வெளிச்சம் மட்டும் பாதியாக் குறையும். அதனால படம் முழுசு, மங்கல். சுடரோட மேல் பாதிக்கு லென்ஸோட மேல் பாதின்னு யாரும் பாகம் பிரிச்சுத் தரலை. நீ லென்ஸை ஜன்னல்னு நினைச்சுட்டே. நம்பிக்கை இல்லைன்னா ஒரு அட்டையை முன்னாடி பிடிச்சுப் பாரு, போதும். வேற எந்த வேலையும் செஞ்சு வைக்காதே.'

அவன் கடைசி வரியை இரண்டு தடவை படித்தான்.

ஒரு அட்டையை முன்னால் பிடித்தாலே போதுமாம். ஒட்டவே வேண்டாமாம்!

அதைவிடப் பெரிய இடி கொஞ்சம் தாமதமாக இறங்கியது. எந்தப் பாதியும் போகாது என்றால், முழுச் சுடர் விழும். முழுச் சுடர் விழுந்தால், அவன் வரைந்த அரைச் சுடர்?

"உள்ளே வாங்க," என்றார் டீச்சர்.

தேர்வாளர் வேறொரு பள்ளியிலிருந்து வந்தவர். மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். அதிர்ந்து பேசாதவர். அவர் நீட்டிய டப்பாவில் கைவிட்டு ஆளுக்கொரு சோதனையைச் சீட்டெடுத்தார்கள். புல்டோசருக்குத் தனி ஊசல். நூலும் குண்டும். அப்பாடா!

"குவிலென்ஸ், குவியத் தூரம் காணல்," என்று தன் சீட்டைப் படித்தாள் தராசு.

அப்பாடா பாதியிலேயே நின்றது.

அவள் துணியை எடுத்தாள். லென்ஸைப் பார்த்தாள். பாதி நிலாவைப் பார்த்தாள். மெதுவாகத் தலையைத் திருப்பி ஆய்வகத்தின் மறுகோடியில் இருந்த ஒரே ஒரு முகத்தைப் பார்த்தாள். அந்த முகம் உடனே ஊசலை எண்ண ஆரம்பித்தது. ஊசல் இன்னும் ஆட ஆரம்பிக்கவில்லை.

தராசு லென்ஸின் பக்கம் திரும்பினாள். மெழுகுவர்த்தியை ஏற்றினாள். பிம்பம் மங்கலாக விழுந்தது. பக்கத்து ஜன்னலைச் சாத்தினாள். மேஜை இருண்டது, பிம்பம் பளிச்சென்று எழுந்தது. முழுச் சுடர். தலைகீழாக, நுனி முதல் அடி வரை, ஒரு குறையும் இல்லாமல். அதற்குக் கீழே, யாரும் அழைக்காமல் வந்த விருந்தாளியைப் போல, ஒரு மஞ்சள் அரைச் சுடர்.

அவள் திரையை நகர்த்தினாள். பிம்பம் கலங்கியது, மறுபடி தெளிந்தது. மஞ்சள் அசையவில்லை. லென்ஸை நகர்த்தினாள். பிம்பம் சிறுத்தது. மஞ்சள் சிறுக்கவில்லை. கைக்குட்டையால் துடைத்துப் பார்த்தாள். மெழுகு இழுபட்டு, அரைச் சுடருக்கு ஒரு மீசை முளைத்தது.

தேர்வாளர் கதவைத் தள்ளிக்கொண்டு அடுத்த அறையிலிருந்து வந்தார். காற்று வந்தது. மெழுகுவர்த்தி ஆடியது. திரையில் பிம்பமும் ஆடியது. மஞ்சள் மட்டும் அப்படியே நின்றது.

தேர்வாளர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"இது என்னம்மா, ஒன்றரைச் சுடர்?"

தராசு மஞ்சள் படிந்த கைக்குட்டையை மடித்தாள்.

"பிம்பம் கிடைக்காதுன்னு வரைஞ்சு வச்சுட்டியா?" அவர் குரல் இன்னும் தாழ்ந்தது. "வேற ஏதாவது பொய்யா எழுதினாக்கூட மன்னிச்சிருப்பேன். பிம்பத்தையே வரையறதை என் அனுபவத்துல இப்பத்தான் பாக்கறேன். டீச்சர், இங்க கொஞ்சம் வாங்க."

டீச்சர் வந்தார். திரையைப் பார்த்தார். லென்ஸைப் பார்த்தார். முகம் வெளுத்தது. "நீயா? நீ போய்..."

தராசு ஒரு வார்த்தை சொன்னால் போதும். வகுப்புக்கே தெரியும் யார் வேலை என்று. அவள் உதட்டை இறுக்கிக்கொண்டு, சுடரையே பார்த்துக்கொண்டு நின்றாள். காட்டிக்கொடுக்க மாட்டாள். சின்ன வயதில் சித்தி வீட்டுக் கண்ணாடி அலமாரியை அவன் உடைத்தபோதும் இப்படித்தான் நின்றாள். அடி அவளுக்கு விழுந்தது.

தேர்வாளர் பேனாவைத் திறந்தார். மதிப்பெண் தாளில் அவள் பெயருக்கு நேராகப் பேனா முனை இறங்கியது.

"சார்!"

ஊசலின் குண்டு கையிலேயே இருக்க, நூலையும் இழுத்துக்கொண்டு புல்டோசர் வந்து நின்றான்.

"அது நான் வரைஞ்சது சார். காகிதமும் நான் ஒட்டினதுதான். அவளுக்கு ஒண்ணும் தெரியாது. அவளாயிருந்தா வரைஞ்சிருக்கவே மாட்டா. அவளுக்கு முழுசாத் தெரியும்னு தெரியும். எனக்குத்தான் பாதி தெரியும்னு... அதாவது, பாதிதான் தெரியும்னு நான் நினைச்சேன் சார்."

டீச்சர் சிரித்தார். அதே சிரிப்பு. "மூணாவது. இன்னும் ஒண்ணு உடைஞ்சா தேர்வு கிடையாதுன்னு சொன்னேனே."

"ஆமா டீச்சர்." அவன் ஊசலைப் பக்கத்து மேஜையில் வைத்தான். "நான் போயிடறேன்."

"நில்லுப்பா," என்றார் தேர்வாளர். பேனாவை மூடவில்லை, ஆனால் முனை தாளிலிருந்து மேலே வந்துவிட்டது. "பாதிதான் தெரியும்னு நம்பி மீதியை வரைஞ்சே. சரி. இப்ப முழுசா இருக்கே, எப்படி? அதைச் சொல்லிட்டுப் போ."

புல்டோசர் திரையைப் பார்த்தான். சுடரைப் பார்த்தான். காலையில் படித்த சீட்டு கண்ணுக்குள் வந்தது. முதலில் சீட்டைத்தான் ஒப்பித்தான். நுனி, விசிறி, லென்ஸ் முழுக்க. பிறகு அவனையறியாமல் கை நீண்டது. நுனியிலிருந்து லென்ஸின் திறந்த பாதிக்கு விரலால் ஒரு கோடு இழுத்தான். அங்கிருந்து திரைக்கு இன்னொன்று. "நுனியிலிருந்து மேல போனது காகிதத்துல முட்டி நின்னுடுச்சு சார். கீழ போனது வந்து சேர்ந்துடுச்சு. அடியிலிருந்து வந்ததுக்கும் இதே கதி. யாருமே முழுசா விட்டுப்போகலை. எல்லாருக்கும் பாதி வெளிச்சம் குறைஞ்சிருக்கு, அவ்வளவுதான். அதான் அவ ஜன்னலைச் சாத்தினா." சொல்லி முடித்தபோது அவன் முகத்தில் ஒரு திகைப்பு. "அட, ஆமா சார்! நிஜமாவே அப்படித்தான்!"

"யார் சொல்லிக் கொடுத்தது?"

அவன் பதில் சொல்வதற்குள் தேர்வாளர் பக்கத்து மேஜைக்காரனைத் திரும்பிப் பார்த்தார். "நீ சொல்லு. ஏன் பாதி பிம்பம் தெரியலை?"

"வெளிச்சம் ஒத்தைக் கோடாக் கிளம்பி வராது சார், விசிறி மாதிரி விரிஞ்சு வந்து..."

"நீ?"

"சுடரோட மேல் பாதிக்கு லென்ஸோட மேல் பாதின்னு யாரும் பாகம் பிரிச்சுத் தரலை சார்."

"கடைசியில நிக்கிற தம்பி?"

ஒலிபெருக்கி நெஞ்சை நிமிர்த்தினான். அவன் மட்டும்தான் முதல் எழுத்திலிருந்து மனப்பாடம் செய்திருந்தான். "மக்கே! மேல் பாதியும் போகாது, கீழ் பாதியும் போகாது..."

ஆய்வகம் உறைந்தது. டீச்சர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். தேர்வாளரின் தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. கோபம் என்று நினைத்து ஒலிபெருக்கி மேஜைக்குப் பின்னால் பாதி மறைந்தான். பிறகுதான் சத்தம் வந்தது. அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், பொருளை உடைச்சாத்தானே உங்க சட்டம்? லென்ஸ் உடைஞ்சிருக்கா?"

ஆய்வக அண்ணன் அதற்குள் லென்ஸைத் தாங்கியிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். "கண்ணாடிக்கு ஒண்ணும் ஆகலைம்மா. நகப்பூச்சு அழிக்கிற அசிட்டோன் வேதியியல் அறையில இருக்கு. ஊறவச்சா இந்தப் பசை விட்டுடும்." போய் ஊறவைத்துத் துடைத்து எடுத்து வந்தார். கறுப்பு நிலா கூழாகக் கழன்றுவிட்டது. லென்ஸில் ஒரு கீறல்கூட இல்லை.

மறுபடி தாங்கியில் வைத்தார். சுடர் திரையில் அதே இடத்தில், அதே அளவில் விழுந்தது. வெளிச்சம் மட்டும் கூடியிருந்தது. மீசை வைத்த மஞ்சள் சுடர் பக்கத்தில் இன்னும் அசடாக நின்றது.

டீச்சர் லென்ஸைக் கையில் எடுத்து, ஒரு பக்கமும் மறுபக்கமும் திருப்பிப் பார்த்தார். உடைசல் கிடைக்காத ஏமாற்றம் அவர் முகத்தில் லேசாகத் தெரிந்தது. "ரெண்டுதான்," என்றார் கடைசியில். "இன்னும் ரெண்டுதான். திரைக்குப் புது அட்டை நீ வாங்கிட்டு வரணும். போய் ஊசலை ஆட்டு."

புல்டோசருக்கு மூச்சு வந்தது.

"நான் கேட்டதுக்கு இன்னும் பதில் வரலையே," என்றார் தேர்வாளர். "இத்தனை பேருக்கும் யார் சொல்லிக் கொடுத்தது?"

தராசு சுடரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காது மட்டும் இந்தப் பக்கம் இருந்தது. வகுப்பு மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டது. எல்லோருக்கும் பந்தயம் தெரியும்.

புல்டோசர் தொண்டையைச் செருமினான். இவ்வளவு வருடம் காத்த கோட்டை. கதவை அவனே திறந்தான்.

"அக்கா சார்," என்றான். "எங்க அக்கா."

"எந்த அக்கா?"

"இவங்கதான்."

தராசு மெதுவாகத் திரும்பினாள். "சரியாக் கேக்கலை. கொஞ்சம் மங்கலா இருந்துச்சு."

"முழுசாத்தானே இருந்துச்சு?" என்றான் அவன். ஊசலின் நூலைப் பிடித்து, எதையும் தட்டிவிடாமல், தன் மேஜைக்கு நடந்தான்.